அசைன்மென்ட்டில் எஸ் வளைவு சரி, ஓவர்டிராஃப்ட் வரம்பு மட்டும் ஒத்துவரவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை தேடுவது

கட்டுமான மேலாண்மை படிக்கும் பிள்ளைகள் செமஸ்டர் கடைசியில் என்னிடம் கொண்டுவரும் எக்ஸெல் தாள்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பார் சார்ட் சரியாக இருக்கும், மாதச் செலவும் சரியாக இருக்கும், எஸ் வளைவும் அழகாக வளைந்திருக்கும். கடைசிக் கேள்வியில்தான் மாட்டிக்கொள்வார்கள்: "ஒப்பந்தக்காரரின் ஓவர்டிராஃப்ட் வரம்பு 60 லட்சம். உங்கள் திட்டம் அதற்குள் அடங்குகிறதா? அடங்காவிட்டால் அட்டவணையை மாற்றிக் காட்டுக."

நான் ஒப்பந்தக்காரர் பக்கத்தில் பில் போடுகிறவன். இதே கணக்கை மாதாமாதம் நிஜமாகப் பார்ப்பதால், தப்பு எந்த வரிசையில் வரும் என்று ஓரளவு பழகிவிட்டது. ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொண்டு, தாளில் என்ன அறிகுறி தெரிந்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

கணக்கு இதுதான். இரண்டு தளப் பள்ளிக் கட்டடம், 8 மாத வேலை. ஒப்பந்தக்காரருக்கு ஆகும் செலவு 200 லட்சம். அதன்மேல் 10% லாபம் வைத்து ஒப்பந்தத் தொகை 220 லட்சம். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பில். பணம் அடுத்த மாதக் கடைசியில் கைக்கு வரும். ஒவ்வொரு பில்லிலும் 5% பிடித்தம். ஜிஎஸ்டி, டிடிஎஸ் இரண்டையும் கேள்வியில் கேட்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சேர்ப்பதானால் வரவு, செலவு இரு பக்கமும் சேருங்கள். ஒரு பக்கம் மட்டும் சேர்த்த தாள்தான் நிறைய வருகிறது.

| வேலை | மாதங்கள் | மாதச் செலவு (லட்சம்) | ஃப்ளோட் (மாதம்) |
|---|---|---|---|
| மண் தோண்டல் | 1 | 10 | 0 |
| அஸ்திவாரம், பிளின்த் | 2–3 | 20 | 0 |
| காம்பவுண்ட் சுவர் | 2–3 | 8 | 4 |
| சம்ப், செப்டிக் டேங்க் | 3–4 | 8 | 3 |
| தூண், பீம், ஸ்லாப் | 4–6 | 22 | 0 |
| கட்டுவேலை, பூச்சு | 6–7 | 10 | 0 |
| கிரில், கைப்பிடி, ஷட்டர் | 6–7 | 6 | 1 |
| தரை, பெயின்டிங் | 7–8 | 10 | 0 |

எல்லா வேலையையும் முடிந்தவரை சீக்கிரமே தொடங்கினால் மாதச் செலவு 10, 28, 36, 30, 22, 38, 26, 10. கூட்டிக்கொண்டே போனால் 10, 38, 74, 104, 126, 164, 190, 200. இதுதான் எஸ் வளைவு.

அறிகுறி: வளைவு 220-இல் போய் முடிகிறது, அல்லது நடுவில் படிக்கட்டு போலத் தாவுகிறது

இது சின்னத் தப்பு, சீக்கிரம் முடித்துவிடலாம். 220-இல் முடிந்தால் நீங்கள் வரைந்தது செலவை அல்ல, பில் மதிப்பை. கிளையன்ட் பக்கத்திலிருந்து கேட்ட கேள்வியாக இருந்தால் அது சரி. "இந்த நிதியாண்டுக்கு இவ்வளவுதான் ஒதுக்கீடு" என்று வரம்பு கொடுத்தால் அங்கே செலவு என்பது நாம் போடும் பில்தான். ஓவர்டிராஃப்ட் கேட்டால் 200-இல் முடிய வேண்டும். இரண்டையும் ஒரே படத்தில் போட்டுப் பெயர் எழுதாமல் விட்டால் திருத்துகிறவருக்குத் தலைவலி, உங்களுக்கு மதிப்பெண் இழப்பு.

தாவல் வந்தால் மென்பொருளைப் பாருங்கள். எம்எஸ் ப்ராஜெக்டில் வேலைக்கு மொத்தச் செலவாக ஒரு தொகையைக் கொடுத்தால், `Fixed Cost Accrual` என்ற நெடுவரிசை அந்தத் தொகை எப்போது விழும் என்று தீர்மானிக்கும். `Start` என்று இருந்தால் மூன்று மாத ஸ்லாப் வேலையின் 66 லட்சமும் தொடங்கும் நாளிலேயே விழுந்துவிடும். `Prorated` வைத்தால்தான் பரவலாகும். பிரிமவேராவிலும் இதே போல செலவுக்கு ஒரு அமைப்பு உண்டு, அங்கே `Uniform Over Activity` வைக்க வேண்டும். வளைவு கீழே இறங்கினால் அது வேறு தப்பு. கூட்டுச் செலவு எந்தக் காலத்திலும் குறையாது. நீங்கள் வரவைக் கழித்த நிலுவையை வரைந்திருக்கிறீர்கள்.

அறிகுறி: "அண்ணா, அதிகபட்சமே 34 லட்சம்தான் வருது. வரம்பு 60. இதுல என்ன சிக்கல்?"

போன வருடம் ஒரு தங்கச்சி இந்தக் கேள்வியோடு தாளை நீட்டியது நினைவிருக்கிறது. கணக்கு ஒரு எண் கூடத் தப்பில்லை. ஒவ்வொரு மாதக் கடைசி நிலுவையும் போட்டிருந்தாள்: மூன்றாம் மாதக் கடைசியில் 34.29 லட்சம் கடன், அதுதான் உச்சம். அதற்கு மேல் "வரம்புக்குள் உள்ளது" என்று பச்சை நிறம்.

"மூணாம் மாசம் 28-ஆம் தேதி பாங்க்ல எவ்வளவு கடன்னு சொல்லும்மா" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். இரண்டாம் மாதப் பில்லுக்கான பணம் மூன்றாம் மாதக் கடைசி நாளில்தான் வருகிறது. அதுவரைக்கும் கம்பி, சிமென்ட், கூலி எல்லாம் கையிலிருந்து போயாகிவிட்டது. பணம் வந்தபின் எடுத்த படம்தான் 34.29. வருவதற்கு முந்தைய நிமிடத்தில் நின்று பார்த்தால் 63.55. அங்கேதான் வரம்பு உடைகிறது. தாளில் மாதத்துக்கு ஒரே வரிசை இருந்ததால் அந்தக் கணம் பதிவாகவே இல்லை.

தீர்வு எளிது. நிலுவைக்கு இரண்டு வரிசை வையுங்கள்: வரவுக்கு முன், வரவுக்குப் பின். வரம்போடு ஒப்பிட வேண்டியது முன் வரிசையை மட்டும்தான். எக்ஸெலில் 5-ஆம் வரிசை செலவு, 6 வரவு, 7 வரவுக்கு முன் நிலுவை, 8 வரவுக்குப் பின் நிலுவை, `C` முதல் `K` வரை 9 மாதங்கள், `B1`-இல் வரம்பு, `B8`-இல் 0 என்று வைத்துக்கொண்டால்:

```
C7: =B8-C5
C8: =C7+C6
D6: =C5*1.1*0.95
C9: =IF(C7<-$B$1,"மீறல்","")
```

`C6` வெறுமையாக இருக்கட்டும், முதல் மாதம் எந்தப் பணமும் வராது. `D6`-ஐயும், `C7`, `C8`, `C9` மூன்றையும் `K` வரை இழுத்துவிடுங்கள். ஒன்பதாம் மாதம் செலவு இல்லாவிட்டாலும் எட்டாம் மாதப் பில் அப்போதுதான் வரும். 8 மாதத்தோடு தாளை நிறுத்திவிட்டு "கடைசியில் 1.45 லட்சம் நஷ்டம்" என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இப்படிப் போட்டால் வரவுக்கு முந்தைய கடன் மாதவாரியாக: 10, 38, 63.55, 64.29, 48.67, 55.32, 58.33, 28.62. மூன்றாம், நான்காம் மாதங்களில் மீறல். நான்காம் மாதம் 4.29 லட்சம் அதிகம்.

அறிகுறி: எஸ் வளைவின்மேல் 60-இல் ஒரு கிடைக்கோடு, மூன்றாம் மாதத்திலிருந்து கடைசி வரை மீறல்

இது மேலே சொன்னதற்கு நேர் எதிரான தப்பு. கூட்டுச் செலவு மூன்றாம் மாதத்திலேயே 74-ஐத் தொட்டுவிடும், கடைசியில் 200 வரை போகும். 60-இல் கிடைக்கோடு போட்டால் அதற்குப் பிறகு எல்லா மாதமும் மீறல்தான். அப்படியானால் 60 லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் 200 லட்ச வேலை எடுக்கவே முடியாது. இடையில் கிளையன்ட் பணம் தந்துகொண்டே இருக்கிறார் என்பது அந்தப் படத்தில் இல்லை.

கூட்டு வளைவில் வரம்பைக் காட்ட வேண்டுமானால் கோடு படிப்படியாக ஏற வேண்டும்: அதுவரை வந்த பணம், அதோடு 60. மூன்றாம் மாதக் கடைசியில் வரவுக்கு முன், அதுவரை வந்தது 10.45. ஆக உச்சவரம்பு 70.45, செலவு 74. மீறல் 3.55. நான்காம் மாதம் உச்சவரம்பு 99.71, செலவு 104. ஆறாம் மாதம் உச்சவரம்பு 168.68, செலவு 164, தப்பித்துவிடும். எஸ் வளைவு அந்தப் படிக்கட்டைத் தொடாமல் கீழேயே ஓட வேண்டும். படிக்கட்டின் ஒவ்வொரு ஏற்றமும் பணம் வந்த நாளில் இருக்க வேண்டும், பில் போட்ட நாளில் அல்ல. பில் நாளில் ஏற்றினால் ஒரு மாதக் காத்திருப்பு காணாமல் போய், எல்லாம் சுகமாக இருப்பதாகத் தெரியும்.

இந்தப் படிக்கட்டு நிலையாக இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு வேலையை ஒரு மாதம் தள்ளினால் செலவு தள்ளும், அதன் பில்லும் தள்ளும், படிக்கட்டும் ஒரு படி தாமதமாகும். பழைய படிக்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு புது வளைவை அதன்கீழ் வரைந்து "தீர்ந்தது" என்று காட்டுகிற தாள்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், விடை தப்பாக இருக்கும்.

அறிகுறி: எல்லா வேலையையும் கடைசிவரை தள்ளினேன், மீறல் இன்னும் பெரிதாகிவிட்டது

"செலவைத் தள்ளிப்போட்டால் கடன் குறையும்" என்பது வீட்டுக் கணக்கில் சரி. அந்த நம்பிக்கையில் ஃப்ளோட் உள்ள எல்லாவற்றையும் தாமதத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சுவரும் சம்பும் 6, 7-ஆம் மாதத்துக்கு, கிரில் 7, 8-க்கு. மாதச் செலவு 10, 20, 20, 22, 22, 48, 42, 16 என்று ஆகும். முதல் ஐந்து மாதம் அமைதி. ஏழாம் மாதம் வரவுக்கு முன் கடன் 85.77 லட்சம்! சீக்கிரத் தொடக்கத்தின் உச்சமே 64.29-தான்.

ஏன் என்று புரிந்துகொண்டால் மீதிக் கணக்கு பாதி முடிந்த மாதிரி. நம் கணக்கில் ஒரு மாதச் செலவு அடுத்த மாதக் கடைசிவரை நம் தலையில் நிற்கிறது. ஆக எந்த மாதக் கடைசியைப் பார்த்தாலும் நிலுவையில் இருப்பது அந்த மாதச் செலவும் அதற்கு முந்தைய மாதச் செலவும்தான். அதற்கு முன்பு செய்த வேலைக்கெல்லாம் பணம் வந்துவிட்டது. வந்ததும் செலவைவிடக் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கிறது: 1.10-ஐ 0.95-ஆல் பெருக்கினால் 1.045, அதாவது 100 ரூபாய்ச் செலவுக்கு 4.50 ரூபாய் மிச்சம். அதைக் கழித்துக்கொள்ளலாம்.

```
கடன் = இம்மாதச் செலவு + சென்ற மாதச் செலவு − 0.045 × (அதற்கு முந்தைய கூட்டுச் செலவு)
```

நான்காம் மாதத்துக்குச் சோதித்துப் பாருங்கள். 30 + 36 = 66. இரண்டாம் மாதம்வரை கூட்டுச் செலவு 38, அதில் 4.5% 1.71. கழித்தால் 64.29. அட்டவணையில் வந்த அதே எண். ஒத்துவராவிட்டால் உங்கள் எக்ஸெலில் எங்கேயோ ஒரு மாதம் நழுவியிருக்கிறது.

பணம் வர இரண்டு மாதமாகும் என்று கேள்வியில் இருந்தால் அடுத்தடுத்த மூன்று மாதச் செலவைக் கூட்ட வேண்டும். விதி அதேதான்.

இதிலிருந்து தெரிவது: மொத்தம் எவ்வளவு செலவானது என்பது கடனை ஏறக்குறைய பாதிப்பதே இல்லை. அடுத்தடுத்த எந்த இரண்டு மாதமும் சேர்ந்து கனமாகக்கூடாது, அவ்வளவுதான். தாமதத் தொடக்கம் எல்லாக் கனத்தையும் 6, 7-இல் கொண்டுபோய் அடுக்கியது. 48-ம் 42-ம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தன. ஃப்ளோட்டைத் தள்ளிப்போடுவதற்கு அல்ல, மேட்டை எடுத்துப் பள்ளத்தில் கொட்டுவதற்குப் பயன்படுத்த வேண்டும்.

அறிகுறி: ஒரு மாதத்தைச் சரிசெய்தால் வேறொரு மாதம் உடைகிறது

இது தப்பு அல்ல, வேலை நடக்கிறது என்று அர்த்தம். சீக்கிரத் தொடக்கத்தின் மாதச் செலவை மறுபடி பாருங்கள்: 10, 28, 36, 30, 22, 38, 26, 10. மூன்றாம் மாதம் மேடு, ஐந்தாம் மாதம் பள்ளம். மூன்றாம் மாதத்தில் நகர்த்தக்கூடியவை சுவரும் சம்பும்.

முதலில் எல்லோரும் சுவரைத்தான் தொடுவார்கள், அதற்குத்தானே 4 மாத ஃப்ளோட். ஒரு மாதம் தள்ளினால் 3, 4-இல் 36-ம் 38-ம் வந்து இன்னும் மோசமாகும். இரண்டு மாதம் தள்ளினால் நான்காம் மாதம் 64.65. மூன்று, நான்கு மாதம் தள்ளினால் 6-ஆம் மாத மேட்டில் போய் ஏறிக்கொள்ளும். ஃப்ளோட் அதிகம் இருப்பதாலேயே அது நல்ல வேட்பாளர் ஆகிவிடாது. சுவர் இப்போது உட்கார்ந்திருக்கும் இரண்டாம் மாதம்தான் அதற்கு மலிவான இடம்.

சம்பை ஒரு மாதம் தள்ளுங்கள், 4, 5-க்கு. மாதச் செலவு 10, 28, 28, 30, 30, 38, 26, 10. மூன்றாம் மாதக் கடன் 55.55, நான்காம் மாதம் 56.29, ஐந்தாம் மாதம் 57.03. மூன்றும் உள்ளே வந்துவிட்டன. ஆனால் ஐந்தாம் மாதம் கனமானதால் 5, 6 ஜோடி 68 ஆகி, ஆறாம் மாதம் 63.68 என்று உடைகிறது. இங்கேதான் பலர் சம்பைத் திரும்பப் பழைய இடத்துக்கு எடுத்துச் சென்று ஆரம்பத்திலிருந்து தொடங்குவார்கள். வேண்டாம். சம்பை அங்கேயே விட்டுவிட்டு, ஆறாம் மாதத்தில் ஃப்ளோட் உள்ளது எது என்று பாருங்கள். கிரில் வேலை ஒன்றுதான், ஒரு மாதம் தள்ளலாம்.

கிரிலை 7, 8-க்குத் தள்ளியபின்:

| மாதம் | செலவு | கூட்டுச் செலவு | வரவுக்கு முன் கடன் |
|---|---|---|---|
| 1 | 10 | 10 | 10.00 |
| 2 | 28 | 38 | 38.00 |
| 3 | 28 | 66 | 55.55 |
| 4 | 30 | 96 | 56.29 |
| 5 | 30 | 126 | 57.03 |
| 6 | 32 | 158 | 57.68 |
| 7 | 26 | 184 | 52.33 |
| 8 | 16 | 200 | 34.89 |

எல்லாம் 60-க்குள். எட்டு மாதமும் மாறவில்லை.

இந்தப் புது வளைவு சீக்கிரத் தொடக்க வளைவுக்கும் தாமதத் தொடக்க வளைவுக்கும் நடுவில் ஓட வேண்டும், இரண்டையும் தாண்டக்கூடாது. ஐந்தாம் மாதம் 126, சீக்கிர வளைவைத் தொடுகிறது. ஏழாம் மாதம் 184, தாமத வளைவைத் தொடுகிறது. தொட்டால் பரவாயில்லை. வெளியே போயிருந்தால் ஏதோ ஒரு வேலையை அதன் ஃப்ளோட்டுக்கு மேல் தள்ளிவிட்டீர்கள், 8 மாதம் என்பது பொய்யாகிவிட்டது.

கிரில் வேலைக்கு இனி ஃப்ளோட் 0 என்பதை அட்டவணையில் மாற்றி எழுதுங்கள். இதை எழுதாத தாள் நிறைய. ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கிரில் பத்து நாள் தாமதமானால் முன்பு யாருக்கும் தெரியாது. இப்போது ஒப்படைப்புத் தேதியே போய்விடும். வரம்புக்காக நாம் கொடுத்த விலை அது, விடையில் தெரிய வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தது, வட்டியைச் சேர்த்ததும் ஆறாம் மாதம் சிவப்பு

கேள்வியில் மாதம் 1% வட்டி என்று ஒரு வரி கீழே ஒளிந்திருக்கும். வங்கி தினசரி நிலுவைக்கு வட்டி கணக்கிட்டு மாதக் கடைசியில் கணக்கில் பற்று வைக்கும். அசைன்மென்ட்டில் வழக்கமாக அந்த மாத உச்சக் கடனுக்கு 1% என்று போடச் சொல்வார்கள். மேலே உள்ள அட்டவணைக்கு அதைப் போட்டால் ஐந்தாம் மாதம் முடிவில் வட்டி சேர்ந்து 2.20 லட்சம். ஆறாம் மாதக் கடன் 57.68 என்றது 59.88 ஆகும். வரம்புக்கு 12 ஆயிரம் ரூபாய் பாக்கி! அந்த மாத வட்டி 60 ஆயிரத்தைக் கிளையன்ட் பணம் வருவதற்கு முன்பே வங்கி எடுத்துக்கொண்டால் 60.48. உடைந்துவிட்டது.

இதற்கு வேலைகளை மறுபடி நகர்த்தப் போகாதீர்கள். நகர்த்த ஒன்றும் பாக்கி இல்லை. செலவு நடக்கும் நாளும் பணம் போகும் நாளும் ஒன்றில்லை என்பதை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். ஆறாம் மாத ஸ்லாபுக்கு வாங்கும் கம்பியில் 5 லட்சத்துக்கு மட்டும் கடைக்காரரிடம் 30 நாள் கடன் கேட்டால் அந்தப் பணம் ஏழாம் மாதம் போகும். ஆறாம் மாதக் கடன் வட்டியோடு 55.43 ஆக இறங்கும். ஏழாம் மாதம் ஏறுமா? ஏறாது. அங்கே முன்பும் இதே 5 லட்சம் போயிருந்தது, இப்போதும் போயிருக்கிறது. வட்டி சேர்த்து 55.63. கடை கடனுக்கு விலை கூட்டிச் சொன்னால் அந்தக் கூடுதலைச் செலவில் சேருங்கள்.

இதைச் செய்தபின் எஸ் வளைவை மாற்றாதீர்கள். வேலை நடந்த மாதம் ஆறுதான், செலவு அங்கேதான் நிற்கும். மாறுவது பணம் வெளியேறும் வரிசை மட்டும். தாளில் செலவுக்கு ஒரு வரிசை, பணம் போவதற்கு வேறொரு வரிசை என்று இப்போது பிரிக்க வேண்டும். `C7`-இல் கழிக்க வேண்டியது இரண்டாவதை. பில்லோ செலவு வரிசையிலிருந்துதான் போக வேண்டும், கம்பிக்குக் கடன் வாங்கியதால் பில் தள்ளிப்போகாது.

சிலர் இதற்குப் பதில் "கிளையன்ட் 10% முன்பணம் தருவதாக வைத்துக்கொள்வோம்" என்று எழுதுவார்கள். கேள்வியில் இல்லாததை வைத்துக்கொள்ள முடியாது. இருந்தால் தாராளமாகச் சேருங்கள், 22 லட்சம் முதல் மாதமே வரும். ஆனால் அதை அடுத்தடுத்த பில்களில் பிடித்துக்கொண்டே வருவார்கள். வரவில் சேர்த்துவிட்டுப் பிடித்தத்தை மறந்தால் கடைசி நிலுவை 22 லட்சம் உப்பியிருக்கும், அதுவே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அறிகுறி: ஒன்பதாம் மாதம் 9 லட்சம்தான் மிச்சம், லாபம் 20 என்றார்களே

வட்டி சேர்க்காத தாளில் கடைசி `K8` 9 என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், சரியாகப் போட்டிருக்கிறீர்கள். மீதி 11 லட்சம் பிடித்தத்தில் கிளையன்ட் கையில் இருக்கிறது. பாதி ஒப்படைக்கும்போதும் மீதி குறைபாட்டுக் காலம் முடிந்தபின்னும் வருவதுதான் வழக்கம். உங்கள் கேள்வியில் என்ன சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். 9-ம் 11-ம் சேர்ந்து 20. வேலைகளை எப்படி நகர்த்தினாலும், சீக்கிரம் தொடங்கினாலும் தாமதமாகத் தொடங்கினாலும், இந்த 9 மாறக்கூடாது. மாறினால் நகர்த்தும்போது ஏதோ ஒரு செலவு தொலைந்துவிட்டது அல்லது இரண்டு முறை விழுந்துவிட்டது. நான் ஒரு தாளைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது இந்த ஒரு கட்டத்தைத்தான்.

வட்டி சேர்த்த தாளில் ஒன்பது மாத வட்டி சுமார் 3.80 லட்சம் போய், மிச்சம் 5.20 ஆக வரும். பிடித்தம் 11-ம் சேர்ந்தால் 16.20. டெண்டரில் 20 லட்சம் என்று எழுதிய லாபத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, பணம் ஒரு மாதம் தாமதமாக வருவதாலேயே வங்கிக்குப் போய்விட்டது.